கேள்வித்தாளில் தமிழ் ஒன்று சொல்ல, ஆங்கிலம் வேறொன்று சொன்னால்... எந்த விடைக்கு மார்க்? 49 கேள்வி, 196 மார்க் வழக்கில் நடந்தது என்ன?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க இந்த இரண்டு வாக்கியத்தையும் கொஞ்சம் நிதானமா வாசிச்சுப் பாருங்க.

பண மசோதாவை மக்களவையில் மட்டுமே அறிமுகப்படுத்த முடியும்.

பண மசோதாவை மட்டுமே மக்களவையில் அறிமுகப்படுத்த முடியும்.

வேகமா படிச்சா இரண்டும் ஒண்ணுதான்னு தோணும். ஆனால் முதல் வாக்கியம் சரி. பண மசோதாவை மாநிலங்களவையில் அறிமுகம் செய்ய முடியாது என்பது அரசியலமைப்புச் சட்டத்தில் உள்ள விதி. இரண்டாவது வாக்கியம் தப்பு. அதன்படி பார்த்தால், மக்களவையில் பண மசோதாவைத் தவிர வேறு எந்த மசோதாவையும் கொண்டு வரவே முடியாது என்று ஆகிவிடும்.

இப்போ, ஒரு கேள்வித்தாளில் ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்தின் பொருள் இருக்கிறது, பக்கத்தில் தமிழில் இரண்டாவது வாக்கியம் அச்சாகி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நாமே உருவாக்கிய உதாரணம்தான். கேள்வி, 'இந்தக் கூற்று சரியா, தவறா?' தமிழில் படித்த மாணவி 'தவறு' என்று குறிக்கிறார். அவர் படித்த வாக்கியத்துக்கு அதுதான் சரியான விடை. ஆனால் விடைக்குறிப்பில் 'சரி' என்று இருக்கும். பாடம் தெரிந்தும் மார்க் போய்விடும். எப்படி?

எது இறுதி?

கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் இருக்கும் அறிவுரைகளைப் பெரும்பாலானவங்க படிக்கிறதே இல்லை. பதிவெண் எழுதிட்டு, மணி அடிச்சதும் பக்கத்தைத் திருப்பிடுவோம். அந்தப் பக்கத்தில்தான் இதற்கான பதில் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி கேள்வித்தாளில், சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று அச்சிடப்பட்டிருக்கும். நீட் தேர்விலும் அதே கதைதான். மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதி என்று சொல்லப்பட்டுவிடுகிறது.

ஒரு கேள்விக்கு இரண்டு வடிவம் இருக்கும்போது ஏதாவது ஒன்றை மூலம் என்று வைத்தே ஆகணும். இல்லைன்னா ஒவ்வொரு கேள்விக்கும் சண்டை வரும். அது புரிகிறது. ஆனால் இந்த ஒற்றை வரி, தப்பு செய்தது யாராக இருந்தாலும் அதன் விலையை மொழிபெயர்ப்பைப் படித்தவர் மட்டும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது. இது நியாயமா என்ற கேள்வி ஒருமுறை பெரிய அளவில் நீதிமன்றத்துக்கே போனது.

2018 நீட்: என்ன நடந்தது?

கொஞ்சம் பின்னால் போவோம். 2017-ல் நீட் தேர்வைத் தமிழ் உட்பட மாநில மொழிகளில் எழுத அனுமதித்தார்கள். ஆனால் அந்த ஆண்டு மாநில மொழி மாணவர்களுக்குக் கொடுத்த கேள்விகளே வேறு. ஒரே தேர்வு, ஒரே தரவரிசை, கேள்வி மட்டும் வேறயா என்று எதிர்ப்பு வந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போக, 2018 முதல் எல்லா மொழிக்கும் ஒரே கேள்விகள்தான் என்று முடிவானது. அதாவது ஆங்கிலக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள்.

ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய் இன்னொரு பிரச்சினை வந்தது. 2018 மே 6-ம் தேதி சிபிஎஸ்இ நடத்திய நீட் தேர்வில், 180 கேள்விகளில் 49 கேள்விகளின் தமிழ் வடிவம் பிழையாக இருந்தது என்று குற்றச்சாட்டு எழுந்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். சில கலைச்சொற்கள் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன, சில சொற்கள் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இல்லாதவை, மாணவர்களால் கேள்வியையே புரிந்துகொள்ள முடியவில்லை என்பது வாதம்.

ஆங்கில வடிவமே இறுதி என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம் என்றது சிபிஎஸ்இ. நீதிபதிகள் சி.டி.செல்வம், ஏ.எம்.பஷீர் அகமது அமர்வு அதை ஏற்கவில்லை. 2018 ஜூலை 10-ம் தேதி தீர்ப்பு வந்தது. 49 கேள்விக்கும் தலா 4 மார்க் வீதம், தமிழில் தேர்வு எழுதிய எல்லோருக்கும் 196 மார்க் கொடுக்க வேண்டும். தரவரிசைப் பட்டியலை இரண்டு வாரத்தில் திருத்தி வெளியிட வேண்டும்.

இதனால் பயன்பெறும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 24 ஆயிரம் பேர். அப்போது மருத்துவக் கலந்தாய்வு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அந்த வாரம் எத்தனை வீட்டில் நம்பிக்கை முளைத்திருக்கும், எத்தனை வீட்டில் கிடைத்த சீட் போய்விடுமோ என்ற பயம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்தே நாள்தான். ஜூலை 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 22-ம் தேதி தீர்ப்பையே ரத்து செய்தது. 196 மார்க் யாருக்கும் கிடைக்கவில்லை.

196 ஏன் நிற்கவில்லை?

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் பார்க்கணும். நீட் தேர்வுக்கு மொத்தம் 720 மார்க். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு மைனஸ் 1, விட்டுவிட்டால் பூஜ்ஜியம்.

ஒரு மாணவர் அந்த 49 கேள்வியில் 20-ஐ சரியாகவே எழுதிவிட்டார் என்று வைப்போம். பக்கத்தில் இருந்த ஆங்கிலத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கலாம், அல்லது பிழை பெரிதாக இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த 20 கேள்விக்கு 80 மார்க் அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. 196-ஐ அதன் மேல் கூட்டினால், அதே 20 கேள்விக்கு இரண்டாவது முறை 80 மார்க் கிடைக்கும். இன்னொருவர் 49-ஐயும் தொடவே இல்லை. அவருக்கும் 196. நல்ல மார்க் வாங்கிய ஒருவருக்கு இதைக் கூட்டினால் மொத்தம் 720-ஐயே தாண்டிவிடும். 530 எடுத்தவர் 726-க்குப் போய்விடுவார்.

யார் எந்தக் கேள்வியில், எந்தச் சொல்லால் பாதிக்கப்பட்டார் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தொகையைக் கொடுத்ததுதான் அந்தத் தீர்ப்பின் பலவீனமான இடம். உச்ச நீதிமன்றம் கை வைத்ததும் அங்கேதான். இதில் ஒன்றைக் கவனிக்கணும். மார்க் கொடுத்த முறை சரியில்லை என்பதால், பிழை இருந்தது என்ற குறை பொய்யாகிவிடாது. குறை இருந்தது, ஆனால் அதற்குச் சரியான நிவாரணத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த வழக்கில் மிச்சம் இருப்பது இதுதான்.

பொருள் எங்கே மாறுகிறது?

எழுத்துப்பிழை, அச்சுப்பிழையை எல்லாம் மாணவர்கள் சமாளித்துவிடுவார்கள். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆபத்தான பிழை என்பது, தமிழ் வாக்கியம் தெளிவாக, இலக்கணச் சுத்தமாக இருந்துகொண்டே வேறொன்றைக் கேட்பது. அங்கே மாணவருக்குச் சந்தேகமே வராது. சந்தேகம் வந்தால்தானே ஆங்கிலத்தைப் பார்ப்பார்?

மேலே பார்த்த 'மட்டும்' அப்படிப்பட்டதுதான். ஆங்கிலத்தில் 'ஒன்லி' என்ற சொல் வினைச்சொல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, பின்னால் வரும் வேறொரு சொல்லைக் கட்டுப்படுத்த முடியும். தமிழில் அந்தச் சலுகை கிடையாது. 'மட்டும்' எந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறதோ, அதைத்தான் கட்டுப்படுத்தும். மொழிபெயர்ப்பவர் பாடம் தெரிந்தவராக இல்லாமல் சொல்லுக்குச் சொல் போட்டால், 'மட்டும்' இடம் மாறிவிடும்.

அடுத்தது கலைச்சொல். இயற்பியலில் 'ஸ்பீட்' என்பதற்கு நம்ம பாடப்புத்தகம் 'வேகம்' என்கிறது. 'வெலாசிட்டி' என்பதற்கு 'திசைவேகம்'. பேச்சு வழக்கில் இரண்டுமே வேகம்தான். ஒரு கேள்வி இப்படி வருகிறது என்று வையுங்கள்: 'ஒரு பொருள் மாறாத வேகத்தில் செல்கிறது. அதற்கு முடுக்கம் இருக்க முடியுமா?' விடை, முடியும். வட்டப் பாதையில் ஒரே வேகத்தில் சுற்றும் பொருளுக்குத் திசை மாறிக்கொண்டே இருப்பதால் முடுக்கம் உண்டு. இதே கேள்வியில் 'மாறாத திசைவேகம்' என்று போட்டால் விடை தலைகீழ். திசையும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை என்றால் முடுக்கம் பூஜ்ஜியம்தான். இரண்டெழுத்து கூடியதில் 'முடியும்' என்பது 'முடியாது' ஆகிவிட்டது. 'நிறை', 'எடை' என்ற ஜோடியும் இப்படித்தான். கடையில் எடை என்று கேட்கிறோம், கிலோகிராம் என்று பதில் வாங்குகிறோம். பாடப்புத்தகத்தில் கிலோகிராம் நிறைக்குரியது, எடை என்பது விசை, அதன் அலகு நியூட்டன்.

கணக்கில் இன்னும் நுணுக்கமாக மாட்டும். 1 முதல் 20 வரை எழுதிய 20 சீட்டுகள் இருக்கின்றன. ஆங்கிலக் கேள்வி, 15-க்குக் குறையாத எண் உள்ள சீட்டுகள் எத்தனை என்கிறது. 15-ம் சேரும். விடை 6. தமிழில் அதை '15-க்கு மேற்பட்ட' என்று எழுதினால் 16-ல் தொடங்கணும். விடை 5. கேள்வி தயாரிப்பவர் மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று யோசித்துத்தான் தவறான விருப்பங்களை வைப்பார். அதனால் 5, 6 இரண்டுமே அங்கே இருக்கும். மாணவர் தன் விடை விருப்பங்களில் இருப்பதைப் பார்த்து நிம்மதியாகக் கட்டத்தைக் கறுப்பாக்கிவிடுவார்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கு. '18 வயதுக்கு மேற்பட்டோர் வாக்களிக்கலாம்' என்று சாதாரணமாக எழுதுகிறோம். 18 முடிந்தவரும் அதில் அடக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். செய்தியில் ஓடிவிடும். கணக்குக் கேள்வியில் ஓடாது.

ஆங்கிலமே தப்பாக இருந்தால்?

இதுவரை தமிழ் வடிவம் தவறாகப் போன கதை. தலைகீழாகவும் நடந்திருக்கிறது.

2025 ஆகஸ்ட் இறுதியில் நடந்த டிஎன்பிஎஸ்சி ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வில் அய்யா வைகுண்டர் பற்றி ஒரு கேள்வி வந்தது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது என்பது வரலாறு. முடி என்றால் இங்கே கிரீடம். தலையில் கிரீடம் சூடும் உரிமை யாருக்கு என்பதுதான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த சண்டையே. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் முடி வெட்டும் கடவுள் என்ற பொருளில் மொழிபெயர்த்து அச்சிட்டுவிட்டார்கள். பக்தர்கள் கொதித்தார்கள், அரசியல் கட்சிகள் கண்டனம் தெரிவித்தன.

அவமதிப்பு என்ற கோணத்தில் நிறைய பேசப்பட்டது, அது சரிதான். ஆனால் தேர்வு எழுதியவர் பக்கம் நின்று பாருங்கள். இங்கே தமிழ் வடிவம் சரி, ஆங்கில வடிவம்தான் பிழை. அறிவுரைப் பக்கமோ ஆங்கிலமே இறுதி என்கிறது. தமிழ்நாட்டு வரலாறு, தமிழ்ப் பெயர், தமிழில் யோசித்து உருவாக்கப்பட்ட கேள்வியாக இருந்தாலும், சந்தேகம் வந்தால் தவறான மொழிபெயர்ப்பைத்தான் மூலமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. கேள்வி எந்த மொழியில் பிறந்ததோ அந்த மொழியே இறுதி என்று வைத்தால் இந்தச் சிக்கல் வராது. அதைச் செய்வது ஒன்றும் பெரிய வேலையும் இல்லை. பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருந்தாலே இந்தக் கேள்வி தப்பித்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு பேர் இருந்தும் ஏன் கண்ணில் படவில்லை?

முக்கியமான காரணம் ரகசியம். சாதாரணமாக ஒரு மொழிபெயர்ப்பை நான்கு பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். கேள்வித்தாளை அப்படிக் கொடுக்க முடியாது. பார்க்கும் ஒவ்வொரு ஆளும் கசிவுக்கு ஒரு வாய்ப்பு. அதனால் மிகச் சிலர் கையிலேயே வேலை முடிகிறது. சரிபார்ப்பவரும் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தமிழைப் படிக்கிறார். ஆங்கிலம் மனதில் இருக்கும்போது தமிழ் வாக்கியம் அதே பொருளைச் சொல்வது போலவே கண்ணுக்குத் தெரியும். 'மட்டும்' இடம் மாறியதும் தெரியாது, விட்டுப்போன 'அல்ல'வும் தெரியாது.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஆங்கிலத்தையே பார்க்காத ஒருவரிடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுத்து விடை எழுதச் சொல்வது. பாடம் தெரிந்த ஆசிரியரின் விடை, விடைக்குறிப்போடு எங்கே மோதுகிறதோ அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஓர் ஆள். பீசா போன்ற சர்வதேச மாணவர் மதிப்பீட்டுத் தேர்வுகளில் இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க, மூன்றாமவர் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைப் பரிந்துரைக்கிறார்கள்.

பிழை உறுதியானால் மார்க் எப்படிக் கொடுப்பார்கள்?

பொதுவாக மூன்று வழி. கேள்வியையே நீக்கிவிடலாம், எல்லோருக்கும் முழு மார்க் கொடுக்கலாம், அல்லது இரண்டு விடையையும் சரி என்று ஏற்கலாம்.

மறுபடியும் அந்தச் சீட்டுக் கணக்குக்கு வருவோம். ஆங்கிலம் படித்தவர் 6 என்று எழுதினார், சரி. தமிழ் படித்தவர் 5 என்று எழுதினார், அவர் படித்ததற்கு அதுவும் சரி. மூன்றாமவர் கணக்குத் தெரியாமல் 8 என்று எழுதினார். கேள்வியை நீக்கினால், சரியாகச் செய்த முதல் இருவரும் உழைத்தது வீண். எல்லோருக்கும் மார்க் கொடுத்தால் 8 எழுதியவரும் அவர்களுக்குச் சமம் ஆகிறார். 5, 6 இரண்டையும் ஏற்றால் மட்டும்தான் தெரிந்தவருக்கு மார்க், தெரியாதவருக்கு இல்லை என்ற நிலை வரும். இரண்டு மொழியிலும் கேள்வி தெளிவாக இருந்து, விடை மட்டும் வேறுபடும்போது இதுதான் சுத்தமான வழி. தமிழ் வாக்கியமே யாருக்கும் புரியாதபடி இருந்தால் இது உதவாது. அப்போது முதல் இரண்டு வழிதான்.

நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வில் இதன் எடை இன்னும் கூடும். நீட்டில் ஒரு கேள்வியின் விடை தவறு என்பதிலிருந்து சரி என்று மாறினால் மைனஸ் 1 போய் 4 வரும். ஐந்து மார்க் வித்தியாசம். கட் ஆஃப் அருகே நிற்பவருக்கு ஐந்து மார்க் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

தேர்வு அறையில் என்ன செய்வது?

எல்லாக் கேள்வியையும் இரண்டு மொழியிலும் படியுங்கள் என்று சொல்வது எளிது. நேரம்? நீட்டில் 180 கேள்விக்கு 180 நிமிடம். டிஎன்பிஎஸ்சியில் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 54 விநாடி. முழுசா இரண்டு முறை படிக்க வழியே இல்லை.

அதனால் தமிழில் படித்து விடை யோசியுங்கள். குறிக்கும் முன், ஆங்கிலத்தில் சில சொற்களை மட்டும் கண்ணால் தேடுங்கள். 'நாட்', 'ஒன்லி', 'அட் லீஸ்ட்', 'எக்செப்ட்' மாதிரி சொற்கள், எண்கள், கலைச்சொற்கள். இவை தமிழில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்க்க ஐந்து விநாடி போதும். ஆங்கிலம் சரளமாக வராதவர்களாலும் இதைச் செய்ய முடியும், ஏனென்றால் நீங்கள் தேடுவது பத்துப் பதினைந்து சொற்களைத்தான். தமிழில் யோசித்த விடை நான்கு விருப்பத்திலும் இல்லை, அல்லது இரண்டு விருப்பம் ஒரே நேரத்தில் சரியாகத் தோன்றுகிறது என்றால் அது வலுவான அறிகுறி. உடனே ஆங்கில வடிவத்துக்குப் போய்விடுங்கள்.

வித்தியாசம் உறுதியாகத் தெரிந்தால்? மனசுக்கு ஒப்பாதுதான், ஆனால் ஆங்கிலப்படி விடையைக் குறியுங்கள். இப்போதைய விதி அதுதான். அறைக் கண்காணிப்பாளரிடம் கேட்டுப் பயனில்லை. கேள்விக்கு விளக்கம் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. கேள்வி எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததுக்கு நகருங்கள்.

ஆட்சேபம் எப்படித் தெரிவிப்பது?

தேர்வு முடிந்து சில நாளில் தற்காலிக விடைக்குறிப்பு இணையதளத்தில் வரும். டிஎன்பிஎஸ்சியில் ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் கொடுக்கிறார்கள். இணையம் வழியாக மட்டும்தான். தபாலிலோ நேரிலோ கொடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீட்டில் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டணம், திரும்பக் கிடைக்காது, அவகாசமும் குறைவு.

இங்கே பலர் ஒரு தப்பு பண்றாங்க. 'விடைக்குறிப்பில் உள்ள விடை தவறு' என்று எழுதுகிறார்கள். நிபுணர் குழு ஆங்கிலக் கேள்வியைப் பார்க்கும், விடை சரியாக இருக்கும், ஆட்சேபம் தள்ளுபடி. மொழிபெயர்ப்புப் புகாரை வேறு மாதிரி எழுதணும். ஆங்கிலக் கேள்வியின் பொருள் இது, அதன் விடை இது. தமிழ் வாக்கியத்தின் பொருள் இது, அதன்படி விடை இது. வேறுபாடு இந்தச் சொல்லில் இருக்கிறது. ஆகவே இரண்டு விடையையும் ஏற்க வேண்டும். இப்படி நான்கே வரி. ஆதாரமாகத் தமிழ்நாடு அரசுப் பாடப்புத்தகத்தில் அந்தக் கலைச்சொல் வரும் பக்கத்தை வகுப்பு, பதிப்பு ஆண்டு, பக்க எண்ணோடு இணையுங்கள். தமிழ்வழிப் புத்தகம், ஆங்கிலவழிப் புத்தகம் இரண்டிலும் அதே பக்கத்தைக் காட்டினால் இன்னும் பலம், ஏனென்றால் எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்பதை அரசே சொல்லியிருக்கிறது என்று ஆகிவிடும். பயிற்சி மைய நோட்ஸ், கைடு புத்தகம் எல்லாம் எடுபடாது.

இறுதி விடைக்குறிப்பு வந்த பிறகு மிச்சம் இருப்பது நீதிமன்றம் மட்டும்தான். அங்கே வழி குறுகலானது. விடைக்குறிப்பு சரி என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், அது தவறு என்பது பார்த்த உடனே தெரியும்படி இருந்தால் மட்டுமே தலையிடலாம் என்று 1983-ல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. நீண்ட விளக்கம் தேவைப்படும் பிழை அங்கே நிற்காது. ஏழு நாளுக்குள் நீங்கள் அனுப்பிய ஆட்சேபத்தின் நகலும், அதற்கான ஒப்புகையும் கையில் இருந்தால்தான் 'அப்போதே சொன்னேன்' என்று காட்ட முடியும். கேள்வித்தாளையும் அந்த ஒப்புகையையும் போனில் மட்டும் வைக்காமல், பிரிண்ட் எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள்.